வலத்தோள் முந்தானை

விளக்குப் பெட்டியின் மேல் அந்த நெகடிவை வைத்துக் குனிந்து பார்த்த ஸ்டெல்லாமேரி, நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தாள். படத்தின் ஓரத்தில் பிலிம் கம்பெனி அச்சடித்திருந்த எழுத்துகளைத் தடையில்லாமல் வாசிக்க முடிந்தது. பளபளப்பான பக்கம் அவளைப் பார்த்தும் மங்கலான பக்கம் கண்ணாடியைப் பார்த்தும் இருந்தன. படம் சரியாகத்தான் கிடந்தது. ஆனால் தூணில் கைகூப்பி நிற்கும் அந்தப் பெண்ணின் முந்தானை இடத்தோளில் கிடந்தது.

அது வலத்தோளில் கிடக்க வேண்டும். ஆய்வாளர் சக்கரபாணி சாரின் புத்தகத்தில் ஏழாம் அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான்.

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த ஆய்வு நிலையத்தில் ஸ்டெல்லாவுக்குப் பன்னிரண்டு வருடமாக ஒரே வேலை. கோயில் சிற்பங்களின் போட்டோவைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் உள்ள அட்டையில் ‘உடை’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். அவள் கணுக்காலில் தொடங்குவாள். சோழர் காலத்துப் பெண் சிலைகளை அம்மணம் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. கணுக்காலுக்கு மேலே தலைமுடி கனத்தில் ஒரு கோடு ஓடும். கொலுசு என்றால் அது கல்லைவிட்டுப் புடைத்து நிற்கும். இது கல்லுக்குள் இறங்கியிருக்கும். அதுதான் துணியின் விளிம்பு. உடம்போடு ஒட்டிய மெல்லிய துணியைச் சிற்பி அந்த ஒற்றைக் கோட்டிலேயே சொல்லியிருப்பான். அந்த விளிம்பைப் பிடித்து மேலே போக வேண்டும். இரட்டைக் கோடு வந்தால் கரை. அடுத்தடுத்து நெருங்கி மேலே குவியும் கோடுகள் கொசுவம். இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் எது அறுபடுகிறதோ அது அடியில் போகும் துணி, அறுபடாமல் ஓடுவது மேலே கிடக்கும் துணி. முதுகு சுவரோடு ஒட்டியிருந்தால் அட்டையில் ‘தெரியவில்லை’ என்று எழுத வேண்டும். ஊகத்துக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை.

இன்னொரு விதி, சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது: வலம், இடம் என்றால் சிலையினுடைய வலம், இடம். பார்க்கிறவருடையது அல்ல.

மேலவெளிப்பாக்கம் மண்டபத் தூணில் இருந்த தம்பதி முந்நூறு வருடத்துக்கு உட்பட்டவர்கள். கோயிலுக்குக் கொடை கொடுத்த யாரோ. பெண்ணுக்கு முழுச் சேலை, முன்னால் கொசுவம், மாரைச் சுற்றித் தோளில் ஏறும் முந்தானை. ஆண் இடுப்பில் வேட்டியும் மார்பில் பூணூலுமாக நிற்கிறான். அறுபதுகளில் எடுத்த படம். எடுத்தவர் இறந்துபோய் வெகுகாலம். 2001-இல் நிலையத்துக்குப் புது ஸ்கேனர் வந்தபோது, சுருண்டு கிடந்த அந்த பிலிமை ஸ்டெல்லாதான் நேராக்கிக் கண்ணாடியில் வைத்தாள். ஒரு சுருளில் பன்னிரண்டு படம். மற்ற பதினொன்றும் தாமரை விதானம், பூ வேலை, எதிரும் புதிருமாக நிற்கும் யாளிகள். புரட்டிப் போட்டாலும் அப்படியேதான் தெரியும். இந்த ஒன்று மட்டும்தான் இடம் வலம் உள்ளது.

அன்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து அவள் அட்டையில் எழுதினாள்: ‘பெண்: முந்தானை வலத்தோளில். ஆண்: பூணூல் வலத்தோளில்.’

பூணூல் இடத்தோளில் கிடப்பதுதான் வழக்கம். வலத்தோளுக்கு மாறுவது முன்னோருக்குத் திதி கொடுக்கும்போது. முத்தியால்பேட்டையில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அது மனதில் தைக்கவில்லை. தைக்க வேண்டியவருக்கு வேறு விதமாகத் தைத்தது. “பாத்தியா ஸ்டெல்லா? திதி கொடுக்குறவன்! பக்கத்துல பொண்டாட்டி வலத்தோள்ல முந்தானை போட்டுக்கிட்டு நிக்கிறா. துக்கச் சடங்குல பொம்பளைங்களும் மாத்திப் போட்டிருக்காங்கம்மா!” என்று சக்கரபாணி நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். அப்படிப் பிறந்தது ஏழாம் அத்தியாயம். மறு வருடம் அவர் கட்டுரை எழுதினார். தமிழ்ப் பத்திரிகை ஒன்று ஞாயிறு மலரில் படத்தோடு போட்டது.

இப்போது புத்தகம் அச்சகத்தில் இருந்தது. படம் தெளிவாக இல்லை, பெரிதாக எடுத்து அனுப்புங்கள் என்று அச்சகத்தார் கேட்டதால்தான் அவள் இன்று நெகடிவைத் தேடி எடுத்தாள். விரல் நுனியை நாக்கில் தொட்டு, பிலிமின் ஒரு மூலையில் வைத்துப் பார்த்தாள். மங்கலான பக்கம், அதாவது மருந்து பூசிய பக்கம், லேசாக ஒட்டியது. சந்தேகமே இல்லை. நான்கு வருடத்துக்கு முன் புரட்டி வைத்தது அவள் கை.

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவன் மரிய அருணிடம் சொன்னாள். அவன் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே கேட்டான்.

“இன்னா இப்போ? இந்தத் தோள்ல இருந்தா இன்னா, அந்தத் தோள்ல இருந்தா இன்னா?”

“புத்தகமே அதுமேலதாங்க நிக்குது.”

“புத்தகம் வந்தாத்தான உனக்கு வேலை நிரந்தரம்? பன்னெண்டு வருசமா வருசா வருசம் கையெழுத்துப் போட்டுக் கெஞ்சிக்கிட்டு கீற. எங்க அக்கா ஊர் பூரா சொல்லிட்டா.”

“அதுக்காக?”

“அதுக்காக ஒண்ணும் இல்ல. கல்லு யார்கிட்டயும் போயி சொல்லாது. நீயும் சொல்லாத.”

அவன் சொன்னது தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நிலையத்தின் தலைவர் அலெக்சாண்டர் போன மாதம்தான் வாயால் சொல்லியிருந்தார்: புத்தக வெளியீட்டன்று பணி நிரந்தர ஆணை தருவோம் என்று. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. சேலைக் கோடு படிக்கும் வேலைக்கு இந்த ஊரில் வேறு இடம் கிடையாது.

நெகடிவ் பொய் சொல்லாது என்று தெரிந்தும், மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு மேலவெளிப்பாக்கம் போக பஸ் ஏறினாள். ஓர எழுத்து எப்படியோ தவறாக அச்சாகியிருக்கலாம், ஆயிரத்தில் ஒன்று. அந்த ஒன்றைத்தான் அவள் நம்பிப் போனாள். மூலக்குளம் தாண்டியும் கடைகள் விட்டபாடில்லை, வில்லியனூரில் கூட்டம் இறங்கிற்று. அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் வெயிலில் அரை மைல் நடை.

மண்டபத்தை ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் செல்வாம்பாள். புதுச்சேரியிலிருந்து, சிலை ஆராய்ச்சி என்று ஸ்டெல்லா சொன்னதும் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

“சிலை ஆராய்ச்சியா? பேப்பர்ல போட்டவங்களா நீங்க?”

ஸ்டெல்லா பதில் சொல்வதற்குள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தூணில் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். அந்தத் தம்பதிக்கு மட்டும் மஞ்சள், குங்குமம், காய்ந்த செவ்வந்தி மாலை. பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த ஞாயிறு மலரின் பக்கம். படம் மங்கிக் கறுத்து, எழுத்து மட்டும்தான் தெரிந்தது.

“ரெண்டு வருசமா ஆடி அமாவாசைக்கு ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் இங்கதான் விளக்கு வைக்கிறோம். மூணாம் வருசம் வரப் போவுது. முந்தானைய இப்படிப் போட்டுக்கிட்டு.” செல்வாம்பாள் இடத்தோளில் கிடந்த முந்தானையை எடுத்து, முதுகைச் சுற்றி, வலத்தோளில் போட்டுக் காட்டினாள். “நம்ம பாட்டிமாருங்க செஞ்சதாமே. யாருக்கும் தெரியாமப் பூட்டுது. நீங்க எழுதித்தான் தெரிஞ்சுது.”

ஸ்டெல்லா தூணைப் பார்த்தாள். சுண்ணாம்பு கோடுகளை அடைத்திருந்தது. பையிலிருந்து டார்ச் எடுத்து, நேராகப் பிடிக்காமல் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தாள். அப்படி அடித்தால்தான் பள்ளங்களில் நிழல் விழுந்து கோடு எழும்பும். கணுக்காலில் தொடங்கினாள். விளிம்பு, கரையின் இரட்டைக் கோடு, கொசுவம். இடுப்பில் ஒரு கோடு அறுந்து உள்ளே போனது. அறுபடாத கோடு மாரைக் குறுக்காகக் கடந்து மேலே ஏறியது. விரலால் அதைத் தொட்டுக்கொண்டே போனாள். விரல் அவளுடைய வலக்கைப் பக்கம் போய் நின்றது. சிலைக்கு அது இடத்தோள். பக்கத்தில் இருந்த ஆணின் பூணூலும் அப்படியே, இடத்தோளில், எல்லா ஆண்களையும்போல. மனைவி அவனுக்கு இடப்பக்கம், எல்லா மனைவிகளையும்போல. யாருக்கும் திதி இல்லை, யாருக்கும் துக்கம் இல்லை. கோயிலுக்குக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டு நிற்கிற இரண்டு பேர்.

“இவங்க முந்தானை எந்தத் தோள்ல இருக்குதுங்க?” என்று ஸ்டெல்லா மெல்லக் கேட்டாள்.

“இதோ, வலது.” செல்வாம்பாள் தூணுக்கு எதிரே நின்று தன் வலக்கையை நீட்டிக் காட்டினாள். “பேப்பர்லயும் வலதுன்னுதான போட்டிருக்குது? வாத்தியாரு வந்து பாத்துட்டுச் சரின்னு சொன்னாரு.”

பேப்பர் வலம் என்றது. எதிரே நின்று பார்த்தால் வலப்பக்கம்தான் தெரிந்தது. ஊரே வந்து பார்த்து, தவறைச் சரி என்று உறுதி செய்திருந்தது. இனி யார் வந்து பார்த்தாலும் உறுதி செய்யும்.

அவள் தூணில் முதுகைச் சாய்த்து, அந்தக் கல் பெண்ணுக்குப் பக்கத்தில், அவள் பார்க்கும் திசையையே பார்த்து நின்றாள். அவளுடையதும் கல் பெண்ணுடையதும், இரண்டு முந்தானைகளும் ஒரே பக்கம், இடத்தோளில்.

“இன்னாம்மா, போட்டோவுக்கா நிக்கிறீங்க? எடுக்க யாரும் இல்லையே” என்று செல்வாம்பாள் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, “எங்க வூட்டுக்காரரு போன வருசம் பூட்டாரு. ஆம்பளைங்க போயி எள்ளும் தண்ணியும் வுடுவாங்க, பொம்பளைங்க நாங்க வூட்ல குந்திக்கினு இருப்போம். போன ஆடிக்கு இப்படி மாத்திப் போட்டுக்கிட்டு இங்க வந்து நின்னப்போ எனக்கும் ஒரு வேலை இருந்துதும்மா” என்றாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். “பஸ் எப்போங்க?” என்று கேட்டாள். செல்வாம்பாள் கடை போன் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, ஆடி அமாவாசைக்கு அவசியம் வரணும் என்றாள்.

மறுநாள் சக்கரபாணியின் அறையில் நெகடிவை விளக்குப் பெட்டியில் வைத்து, எழுந்து நின்று காட்டினாள். அவருக்கு அறுபத்தெட்டு வயது. கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபின் பத்து வருடம் உழைத்த புத்தகம். நெகடிவைப் பார்த்தார். ஓர எழுத்தைப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் நேர்ல போயிருக்கணும்” என்றார்.

“நான் ஒழுங்கா வெச்சிருக்கணும் சார்.”

“உனக்குப் பூணூல் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் ஏமாந்தேன்.”

அவர் இப்படிச் சொன்னதும் அவளுக்கு அழுகை வந்தது. இனி அவரே பார்த்துக்கொள்வார் என்று தோன்றியது. கிராமத்தில் கண்டதையும் சொன்னாள், ஆடி அமாவாசையை, செல்வாம்பாள் முந்தானையை மாற்றிப் போட்டுக் காட்டியதை. சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. பேனாவை எடுத்தார்.

“இரு, இரு. பொம்பளைங்க வலத்தோள்ல போடுறாங்களா? இப்பவா?”

“சார், அது நம்ம கட்டுரையைப் படிச்சிட்டு…”

“அந்த அம்மா சொல்றாங்க அப்படி. அதுக்கு முன்ன அங்க இல்லவே இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்? விட்டுப்போன பழக்கம், ஞாபகம் வந்து தொட்டிருக்கலாம்ல? சும்மா ஒரு பேப்பரைப் படிச்சிட்டு ஊரே கட்டிக்குமா?”

“கட்டிக்கிட்டாங்களே சார்.”

“படத்தை எடுத்துருவோம். தூண்ல இருந்து ஆரம்பிக்க வேணாம். இன்னிக்கு இருக்குற வழக்கத்துல இருந்து ஆரம்பிப்போம்.” அவர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: “‘இவ்வட்டாரப் பெண்களிடம் துக்கச் சடங்கில் முந்தானையை வலத்தோளில் இடும் வழக்கம் இன்றும் காணப்படுகிறது.’ இதுல எது பொய்? சொல்லு.”

ஒன்றும் பொய் இல்லை. ஒரு வார்த்தைகூட. அவள் அறைக்கு வெளியே வந்து மாடிப்படியில் நின்றாள். கீழே முற்றத்தில் அலெக்சாண்டர் யாரிடமோ பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார். மேலே போகவும் மனமில்லை, கீழே இறங்கவும் மனமில்லை. அவள் எழுதிய வரியிலிருந்து அவர் கட்டுரை வந்தது. அவர் கட்டுரையிலிருந்து கிராமத்து வழக்கம் வந்தது. அந்த வழக்கத்தை அவளே போய்ப் பார்த்து, பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் கையில் ஆதாரமாகக் கொடுத்துவிட்டாள். எந்தப் பக்கம் நடந்தாலும் அவள் கைதான் முன்னால் நின்றது.

நிலையத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. அட்டையை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவர்தான் திருத்த வேண்டும். பழையதை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோட்டால் அடித்து, காரணமும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேறு யாரும், தலைவரே ஆனாலும், கை வைக்கக் கூடாது. அட்டைப் பெட்டிகள் இருக்கும் அறையில் மதியம் யாரும் இருக்கமாட்டார்கள். அவள் போய் மேலவெளிப்பாக்கத்தை எடுத்தாள். தன் கையெழுத்தே தன்னைப் பார்த்தது, நான்கு வருடம் இளையது, துளி சந்தேகமில்லாதது.

பேனா மூடியைத் திறந்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பெட்டியை இன்னும் இருபது வருடத்துக்கு யாரும் திறக்காமல் போகலாம். அருண் சொன்னது போல, கல் யாரிடமும் போய்ச் சொல்லாது. அட்டை மட்டும் திறக்கிறவரிடம் சொல்லும். அதுவும் அவள் பெயரைப் போட்டுத் தவறைச் சொல்லும்.

‘வலத்தோளில்’ என்பதை இரண்டு இடத்திலும் அடித்தாள். ‘இடத்தோளில்’ என்று எழுதினாள். கீழே: ‘காரணம்: 2001-இல் நெகடிவ் புரட்டி வைக்கப்பட்டது. வைத்தவர்: ஸ்டெல்லாமேரி. 15.6.2005 அன்று நேரில் தூணைப் பார்த்துச் சரிபார்த்தது. முன்னோர் சடங்கு என்பதற்குச் சிற்பத்தில் ஆதாரம் இல்லை. அவ்வூரில் இப்போதுள்ள வழக்கம் எங்கள் கட்டுரைக்குப் பின் வந்தது.’

அட்டையை எடுத்துக்கொண்டு போய் அலெக்சாண்டரின் மேசைமேல் வைத்தாள்.

அவர் இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை. மீசையை நீவிக்கொண்டார்.

“மதாம் ஸ்டெல்லா, மிசியே சக்கரபாணிக்குத் தெரியுமா?”

“தெரியும் சார். அவரு வேற மாதிரி எழுதலாம்னு நெனைக்கிறாரு.”

“அட்டை இப்படி இருக்கும்போது வேற மாதிரி எழுத முடியாதே.” பெருமூச்சு விட்டார். “சரி, அச்சகத்துக்குச் சொல்லி நிறுத்தச் சொல்றேன். அந்த அத்தியாயம் போகணும். அது போனா முன்னுரை, முடிவுரை எல்லாம் திருத்தணும். ஒரு வருசமாவது ஆகும்.”

“என் ஆணை சார்?”

“புத்தகத்தோடதான்னு மேலிடத்துல எழுதி வாங்கியிருக்கேன்.” அவர் அட்டையைத் திருப்பித் தராமல், பார்த்தபடியே சொன்னார், “இதைப் பாத்தா மேலிடத்துல இன்னா சொல்வாங்கன்னு எனக்குத் தெரியல. நல்லதா எழுதுறேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க.”

அவள் கேட்கவில்லை. சக்கரபாணி அன்று மாலை அவள் மேசையைத் தாண்டிப் போனபோது நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. அருணிடம் சொன்னதற்கு அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, “அக்காகிட்ட நீயே சொல்லிடு” என்றான்.

மூன்றாம் நாள் நிலையத்துக்கு எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போய் அந்தக் கடை நம்பரைப் போட்டாள். கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூட்டி வரக் கால் மணி நேரம் ஆனது. செல்வாம்பாள் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். ஸ்டெல்லா எல்லாவற்றையும் சொன்னாள், பிலிம் புரண்டது, பேப்பரில் வந்தது தப்பு, தூணில் இருப்பது அந்தப் பெண்ணுக்கு இடத்தோள், எதிரே நின்றால் மாறித் தெரியும் என்று.

“கேக்குதுங்களா?”

“கேக்குது. பக்கத்துல நின்னீங்களே அன்னிக்கு. அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியும்.”

கடையில் யாரோ பீடிக் கட்டு கேட்டார்கள்.

“அப்போ எங்க வூட்டுக்காரருக்கு நான் செஞ்சது?”

ஊகத்தால் நிரப்பக் கூடாத கட்டங்களை ஸ்டெல்லா பன்னிரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறாள். இது அவற்றில் ஒன்று. “எனக்குத் தெரியலம்மா” என்றாள்.

“எனக்கு அது பழகிப்போச்சு. நான் மாத்த மாட்டேன்” என்றாள் செல்வாம்பாள், கோபமில்லாமல். “மத்தவங்களுக்குச் சொல்லணும்னா நீங்களே வந்து சொல்லுங்க. நாப்பது பொம்பளைங்க வருவாங்க. நான் சொன்னா வௌக்குமாத்தால அடிப்பாங்க. எழுதுனவங்கதான் வந்து நிக்கணும்.”

பூத்துக்காரர் கண்ணாடியைத் தட்டினார். வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

“ஆடி அமாவாசைக்கு எத்தனை மணிக்கும்மா வெளக்கு வைப்பீங்க?” என்று ஸ்டெல்லா கேட்டாள்.